விலை ஏறியிருக்கிறது, கேண்டில் மட்டும் ஏன் சிவப்பு?

புதிதாக பங்குச்சந்தைக்குள் வருகிறவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் சார்ட் படங்களோடு அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், 3 சதவீதம் ஏறிடுச்சுன்னு போட்டிருக்கு, ஆனா கடைசி கேண்டில் சிவப்பா இருக்கே, ஆப் தப்பா காட்டுதா?" ஆப் தப்பாகக் காட்டவில்லை. அந்த நிறம் எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம், பங்கின் பெயர் வேண்டாம். நேற்று 200 ரூபாயில் முடிந்தது. இன்றைய படத்தின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
O212.00 H218.00 L203.00 C206.00 +6.00 (+3.00%)
Vol 2.4M
```

காலையில் 212-இல் தொடங்கி, 218 வரை போய், 203 வரை இறங்கி, 206-இல் முடிந்திருக்கிறது. 3 சதவீத ஏற்றம் என்பது நேற்றைய 200-ஐ வைத்துச் சொல்வது. கேண்டிலின் நிறத்துக்கோ நேற்றைய கணக்கே கிடையாது. இன்று தொடங்கிய விலைக்குக் கீழே முடிந்தால் சிவப்பு, மேலே முடிந்தால் பச்சை. 212-க்கும் 206-க்கும் நடுவில் உள்ள தடித்த பகுதி பாடி, அதற்கு மேலே 218 வரையும் கீழே 203 வரையும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடுகள் விக். ஆக, காலையில் ஏதோ நல்ல செய்தியை நம்பி 212-க்கும் 215-க்கும் ஓடிவந்து வாங்கியவர் சாயங்காலம் நஷ்டத்தில் இருக்கிறார், நேற்றே வைத்திருந்தவர் லாபத்தில் இருக்கிறார். இரண்டும் ஒரே கேண்டிலில் இருக்கிறது.

இப்போது கீழே நிற்கும் வால்யூம் கம்பி. 2.4M என்றால் 24 லட்சம் பங்குகள் (M என்பது 10 லட்சம், இதைக் கோடி என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு). பெரும்பாலான ஆப்களில் இந்தக் கம்பியும் மேலே உள்ள கேண்டிலின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். அதனால் சிவப்புக் கம்பியைப் பார்த்து "24 லட்சம் பங்கை விற்றுத் தள்ளிட்டாங்க" என்று பதறுவதில் அர்த்தமே இல்லை, விற்ற ஒவ்வொரு பங்கையும் இன்னொருவர் வாங்கித்தானே இருக்கிறார்! கம்பி சொல்வது எவ்வளவு கைமாறியது என்பதை மட்டும்தான். அதையும் தனியாகப் பார்த்தால் பயனில்லை. இந்தப் பங்கில் வழக்கமாக ஒரு நாளைக்கு 4 லட்சம் கைமாறும் என்றால் இன்று ஆறு மடங்கு. அத்தனை பேர் வந்தும் விலை 218-இல் நிற்காமல் நாளின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வந்து முடிந்திருக்கிறது என்றால், மேலே விற்கக் காத்திருந்தவர்கள் நிறைய என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

அந்த 24 லட்சத்தில் எத்தனை நிஜமாக டீமேட் கணக்குக்குப் போனது என்பது படத்தில் இருக்காது. என்எஸ்இ தளத்தில் அந்தப் பங்கின் பக்கத்திலேயே டெலிவரி அளவைப் போடுகிறார்கள், சாயங்காலத்துக்கு மேல் பாருங்கள். 18 சதவீதம் என்று இருந்தால் சுமார் 4.3 லட்சம்தான் டெலிவரி, மீதியெல்லாம் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்ற ஆட்டம்.

படத்தை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம். வால்யூம் கம்பிகளின் உயரம், திரையில் தெரிகிறவற்றில் எது பெரியதோ அதை வைத்துத்தான் அமைகிறது. மூன்று மாதம் முன்பு 90 லட்சம் ஓடிய ஒரு நாள் இருந்து, அதை விட்டுவிட்டு வெட்டினால் இன்றைய 24 லட்சம் மலை மாதிரி நிற்கும். விலை அச்சும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை, 195-லிருந்து 220 வரை மட்டும் காட்டினால் 6 ரூபாயும் செங்குத்தாகத் தெரியும். அப்புறம், இடது மேல் மூலையில் D என்று இருக்கிறதா, 5 என்று இருக்கிறதா? D என்றால் ஒரு கேண்டில் ஒரு நாள், 5 என்றால் வெறும் ஐந்து நிமிடம். தினசரிப் படமாகவே இருந்தாலும் மதியம் 12 மணிக்கு எடுத்ததாக இருந்தால் கடைசி கேண்டில் இன்னும் முடியவில்லை. 3:30-க்குள் நிறமே மாறலாம்.

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஒரு வகைப் படத்தைப் பார்த்தால் மட்டும் உடனே ஒதுங்கிவிடச் சொல்வேன். கேண்டில்களுக்கு பாடியும் இல்லாமல் விக்கும் இல்லாமல், சின்னச் சின்னக் கோடுகளாகப் படிக்கட்டு போல ஏறிக்கொண்டே போகும். கீழே வால்யூம் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாளில் விலை ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில், இங்கே 5 சதவீதத்தில், தினமும் பூட்டிக்கொள்ளும் பங்கு அது: வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள், விற்க ஆள் இல்லை. திடீரென்று ஒரு நாள் அந்தப் படிக்கட்டின் உச்சியில் வால்யூம் கம்பி வானத்துக்கு எழும்பும், பெரும்பாலும் ஏற்றிவிட்டவர்கள் கைகழுவுகிற நாள். மறுநாளிலிருந்து அதே கோடுகள் லோயர் சர்க்யூட்டில் கீழே இறங்கும், நீங்கள் காலை 9:15-க்கே விற்க ஆர்டர் போட்டாலும் எதிரில் வாங்க ஆள் இருக்காது.