எழுபத்திரண்டை வட்டியால் வகுத்தால்

அஞ்சலகங்களில் விற்கப்படும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் ஆண்டுக்கு 7.5 சதவீதக் கூட்டு வட்டி அறிவிக்கப்பட்டபோது, போட்ட பணம் 115 மாதங்களில் இரட்டிப்பாகும் என்றும் சொல்லப்பட்டது. 72ஐ ஆண்டு வட்டிச் சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது ‘72 விதி’. இங்கே 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 ஆண்டுகள், அதாவது 115.2 மாதங்கள் கிடைக்கின்றன. மனக்கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதற்குக் காரணம், வட்டி 8 சதவீதத்தை ஒட்டி இருப்பதுதான்.

ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும்போது, பணம் இரட்டிப்பாக ஆகும் காலத்தின் சரியான வாய்பாடு இது:

T = ln 2 / ln(1 + r)

இதில் T ஆண்டுகளின் எண்ணிக்கை, r தசமமாக எழுதிய வட்டி வீதம், அதாவது 8 சதவீதம் என்றால் 0.08; ln என்பது இயல் மடக்கை, ln 2 என்பது 0.693. வட்டி மிகச் சிறியதாக இருந்தால் ln(1 + r) ஏறக்குறைய r-க்கே சமம். அப்போது, வட்டியைச் சதவீதத்தில் எழுதினால், வகுக்க வேண்டிய எண் 72 அன்று, 69.3தான். வட்டி நொடிதோறும் அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தாலும் இதே எண்தான். ஆனால் ஆண்டு முடிவில் மட்டும் சேரும் வட்டி, இடைப்பட்ட மாதங்களில் குட்டி போடுவதில்லை. ஆகவே பணம் சற்று மெதுவாக வளர்கிறது, வகுபடும் எண்ணும் சற்றுக் கூட வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல், வட்டி வீதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 8 சதவீதத்துக்கு அது சுமார் 2.7 ஆவதால், கூட்டுத்தொகை 72ஐத் தொடுகிறது. 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் லூக்கா பாச்சோலி இவ்விதியைக் குறிப்பிடுகிறார். 2, 3, 4, 6, 8, 9, 12 ஆகிய எண்களால் மீதியின்றி வகுபடுவதும் 72 நிலைத்துவிட்டதற்கு ஒரு காரணம் என்பேன்.

வட்டி குறைந்தால் விதி காலத்தைக் கூட்டிச் சொல்லும்: 2 சதவீதத்துக்கு 36 ஆண்டுகள் என்கிறது, உண்மையில் 35. வட்டி ஏறினால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பிப் பெரிதாகிறது. 36 சதவீதத்துக்கு விதி தரும் விடை 24 மாதங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேருமானால் சரியான விடை 27 மாதங்கள். அதே வட்டி கடன் அட்டை நிலுவையில் மாதம் 3 சதவீதமாக ஏறினாலோ, 72ஐ 3ஆல் வகுத்து மீண்டும் 24 மாதங்கள் என்றே விதி சொல்கிறது. இங்கே உண்மை 23.4 மாதங்கள். வட்டி எத்தனை முறை அசலோடு சேர்கிறது என்பது இந்த வகுத்தலின் கண்ணுக்கே தெரியாது. எனவே வட்டி சேரும் தவணைக்குரிய வீதத்தை எடுத்து, அது 8ஐ விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விலகும் ஒவ்வொரு மூன்று சதவீதப் புள்ளிக்கும் 72இல் ஒன்றைக் கூட்டியோ கழித்தோ கொண்டால், 2 சதவீதத்துக்கு 70ஐ வகுத்து 35 ஆண்டுகளும், 36 சதவீதத்துக்கு ஏறத்தாழ 81ஐ வகுத்து 27 மாதங்களும் வந்துவிடுகின்றன.

இந்தத் திருத்தமும் தனி வட்டிக்கு உதவாது. மாதம் ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கிய கடனில் வட்டிக்கு வட்டி இல்லையென்றால், கடன் இரட்டிப்பாக 36 மாதங்கள் அல்ல, முழுதாக 50 மாதங்கள் ஆகும்.