எந்த மாம்பழத்தின் மஞ்சள்?

"அக்கா, அம்மா அனுப்புன போட்டோ பாத்தீங்கல்ல? ப்ளவுஸ் எந்தக் கலர்ல எடுக்கலாம்?"

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பிய செய்தி இது. போட்டோவைப் பார்த்தது உண்மைதான். கடையில் ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அரை நிமிடம் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். அது ஒரு முறை மட்டும் திறக்கும்படி அனுப்பிய போட்டோ. மூடியதும் போய்விட்டது.

கிருஷ்ணகிரியில் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இந்தச் சேலைக்கு எந்தத் துணி, எந்தக் கழுத்து என்று கேட்டு வருகிறவர்களுக்கு யோசனையும் சொல்வேன். போட்டுப் பார்த்த படங்களை ஒரு முறை திறக்கும்படியே அனுப்புங்கள் என்று பெண்களிடம் சொல்வதும் நான்தான். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அப்படி அனுப்பிய வாட்ஸ்அப் படத்தை, திறந்து மூடிய பிறகு பெற்றவரும் பார்க்க முடியாது, அனுப்பியவரும் பார்க்க முடியாது. கேலரியில் இருந்த படத்தை எடுத்து அனுப்பியிருந்தால் மூலப்படம் அங்கே இருக்கும். வாட்ஸ்அப் கேமராவிலேயே எடுத்து நேராக அனுப்பியிருந்தால் எங்கேயும் இருக்காது. இங்கே நடந்தது இரண்டாவது. மறைந்த படத்தை மீட்டுத் தரும் ஆப் ஒன்று இருக்கிறதாம், போட்டுப் பார்க்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாம்மா என்றேன். ஒரு சேலைப் படத்துக்காக, போனில் இருக்கும் குடும்பப் படங்கள் மொத்தத்தையும் முகம் தெரியாத ஒருவருக்குத் திறந்துவிடக் கூடாது.

சேலை இருப்பது காவேரிப்பட்டணம் பக்கத்தில் அம்மா வீட்டில். தன் போனில் படம் எடுத்து அம்மாவுக்காக எனக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுப் பையன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள். சேலையோடு வந்த ரவிக்கைத் துணி வேண்டாம், வேறு நிறத்தில் தனியாக எடுத்துப் போட வேண்டும் என்பது இவருடைய ஆசை. நான் துணி எடுத்துத் தைத்து முடிக்க நாலு நாளாவது வேண்டும். ஆக, அம்மா சொல்வதைக் கேட்டு மகள் எழுத, அதைப் படித்து நான் முடிவு செய்வது என்று ஏற்பாடு ஆனது.

முதலில் வந்தது ஒரே வரி: "மாம்பழக் கலர் பட்டுச் சேலை, பச்சை பார்டர், தம்பி கல்யாணத்துக்கு."

இதைப் படித்தவுடன் யாருக்கும் கண்ணில் ஒரு சேலை வந்துவிடும். எனக்கும் வந்தது. அதை நம்பித் துணி எடுத்தால்தான் தப்பு. நம் பக்கம் மாம்பழத்துக்கு ஒரு நிறமா இருக்கிறது? பெங்களூரா பழுத்த பிறகும் தோலில் பச்சை கொஞ்சம் தங்கும். செந்தூராவுக்குக் காம்புப் பக்கம் சிவந்திருக்கும். அல்போன்சாவை அறுத்தால் சதை ஆரஞ்சு. அதனால், எந்த மாம்பழம், தோலா சதையா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். காலையில் பத்து மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத நிழலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ராத்திரி பல்பு வெளிச்சத்தில் மஞ்சளும் சந்தனமும் ஒன்று போலத் தெரியும்.

அம்மா சொன்ன பதிலை மகள் அப்படியே எழுதியிருந்தார்: "செந்தூரா மாதிரி இருக்கு. தூரத்துல மஞ்சள். மடிச்சுப் புடிச்சா மடிப்புல செவப்பு அடிக்குது."

இந்த ஒரு வாக்கியம் அந்தப் போட்டோவைவிட மேல். மடிப்பில் வேறு நிறம் அடிக்கிறது என்றால் அது டபுள் ஷேடு, அதாவது பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் ஒரு நிறம். மயில் கழுத்துச் சேலையில் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவதற்குக் காரணமும் இதுதான். சேலையை அசைத்தால்தான் இரண்டும் தெரியும். போட்டோ அசையாது. எந்தக் கோணத்தில் எடுத்தார்களோ அந்த ஒரு நிறத்தை மட்டும் காட்டும். போதாக்குறைக்கு, படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் போன் கேமரா வெளிச்சம்தான் மஞ்சளாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிறத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. அரை நிமிடம் நான் பார்த்த படத்தில் வெறும் வெளிர் மஞ்சள்தான் இருந்தது. படம் கையில் இருந்திருந்தால் அதையே நம்பியிருப்பேன்.

சரி, எது பாவு, எது ஊடை? சேலையின் உள்பக்கத்து ஓரத்தில், ரவிக்கைத் துணியை வெட்டிய இடத்தில், நூல் பிரிந்து நிற்கும். சேலையின் நீளத்துக்கு ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டிலும் ஒவ்வொரு நூலை உருவி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நீளநூல் மஞ்சள். குறுக்குநூல் "புதுப்புளி நிறம், பழைய புளி இல்ல" என்று வந்தது. புளி ஆயும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புதுப்புளியில் பழுப்போடு சிவப்பு இருக்கும். பழைய புளி கறுத்துப் போயிருக்கும்.

அடுத்தது துணி. பட்டு என்று சொல்லி விற்பதில் ஒரு பக்க நூல் மட்டும் பட்டாக இருப்பதும் உண்டு. உருவிய நூல் இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டு நூல் முடி கருகும் வாசனையோடு எரியும், சாம்பலை விரலால் நசுக்கினால் தூளாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணச் சேலை நூலில் நெருப்பு வைக்க மாட்டேன் என்றார். அவர் சொல்வது எனக்கும் சரி என்றே பட்டது. என் வேலைக்குத் தேவை சேலையின் சாதி இல்லை, அது உடம்பில் எப்படி நிற்கும் என்பதுதான். அதனால் ஒரு மூலையைக் கைக்குள் பிடித்துப் பத்து எண்ணும் வரை கசக்கிவிட்டு விடச் சொன்னேன். பருத்தி என்றால் சுருக்கம் அப்படியே நிற்கும், பாலியஸ்டர் பெரும்பாலும் சுருங்காது, பட்டு சுருங்கிவிட்டு மெல்ல இளகும். கூடவே, ஐந்து கொசுவம் வைத்துப் பிடித்தால் கை நிறைகிறதா என்றும் கேட்டேன். "சுருக்கம் கொஞ்சம் நின்னு போகுது. கொசுவம் கை நெறைய வருது, வெறைப்பா நிக்குது" என்று பதில். கனமான, விறைப்பான சேலை. தோளில் முந்தானையே தடிமனாக ஏறும். அதற்குக் கீழே புஃப் கை வைத்தால் தோள் இரண்டு மடங்காகத் தெரியும். கை வேலை அத்தோடு முடிவானது: முழங்கைக்கு மேல் நிற்கும் சாதாரணக் கை.

ப்ளவுஸ் நிறத்துக்கு வருவோம். அவர் மனதில் இருந்தது பார்டர் பச்சை. பார்டர் எந்தப் பச்சை என்றதற்கு "முத்துன மாவிலை" என்று நல்ல பதிலே வந்தது. ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை. கண்ணால் பார்க்காத நிறத்துக்கு அதே நிறத்தில் துணி தேடக் கூடாது என்பது பல வருடமாக நான் வைத்திருக்கும் முறை. ஒரே பச்சையில் சின்ன வித்தியாசத்தோடு இரண்டு துணி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தேடிக் கிடைக்காமல் போட்டது போலத் தெரியும். அதுவும் கடை டியூப் லைட்டில் ஒத்துப்போன பச்சை, வெளியே வெயிலில் பிரிந்து நிற்கும். வேறு நிறமாக எடுத்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால் ஊடை நூலின் சிவப்பையே எடுத்து, அதைவிட இரண்டு படி அழுத்தமாக அரக்கு நிறத்தில் ஜரிகை இல்லாத துணி போதும் என்று முடிவு செய்தேன். ஜரிகையின் நிறத்தை அம்மா "தங்கக் கலர்" என்று மட்டும்தான் சொன்னார். மஞ்சள் தங்கமா, செம்பு கலந்த தங்கமா என்பது அவர் சொல்லில் பிடிபடவில்லை. பிடிபடாததை ப்ளவுஸில் சேர்க்காமல் விடுவதே பத்திரம்.

இதுவரை நான் கேட்காத ஒன்று இருந்தது. "தம்பி கல்யாணம்" என்று அவர் எழுதியதை விசேஷத்தின் பெயராகப் படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். மணமேடையில் உங்களுக்கு என்ன வேலை என்று இரண்டாம் நாள்தான் கேட்டேன். நாத்தனார் முடிச்சு இவர் போட வேண்டும். அதாவது மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று, குனிந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தாலி முடிச்சுப் போட வேண்டும். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் வீடியோக்காரர் விளக்கோடு பக்கத்தில் வந்து எடுப்பார். கல்யாணம், வளைகாப்பு என்று பெயரை மட்டும் எழுதினால் இது வராது. எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில், உட்கார்வதா நிற்பதா, கை என்ன வேலை செய்யும் என்று எழுதினால் தைக்கிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய ப்ளவுஸ் பற்றி "கை டைட்டா இருக்குக்கா" என்று எழுதியிருந்தார். கையில் எங்கே? கை ஓரத்தில் எத்தனை விரல் நுழைகிறது? கையை மேலே தூக்கினால் எது இழுக்கிறது? இந்த மூன்றையும் போட்டுப் பார்த்து எழுதச் சொன்னேன். ஓரத்தில் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது, கையைத் தூக்கினால் ப்ளவுஸின் கீழ் ஓரம் மேலே ஏறுகிறது என்றார். அப்படியானால் கை டைட் இல்லை. கைக்குழி கீழே இறங்கியிருக்கிறது. அக்குளை விட்டுக் கீழே வெட்டிய கைக்குழி, கையைத் தூக்கும்போது மொத்த ப்ளவுஸையும் சேர்த்துத் தூக்கும். அவர் சொன்ன "டைட்டை" நம்பிக் கையை லூஸாக்கியிருந்தால், தாலி முடிச்சுப் போடும்போது இடுப்பு தெரிய ப்ளவுஸ் ஏறியிருக்கும். செய்ய வேண்டியது கைக்குழியை மேலே ஏற்றுவது.

அளவுக்கு அந்தப் பழைய ப்ளவுஸையே கட்டிலில் விரித்து, கொக்கி போட்டு, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைக்கச் சொன்னேன். 18 அங்குலம். இரண்டு மடங்கு 36. பின்கழுத்தை "ரொம்ப எறக்கம் வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அதையும் டேப்பில் கேட்டேன். தோள் தையலிலிருந்து நேராகக் கீழே 7 அங்குலம். எழுத்தில் எவ்வளவு விவரம் வந்தாலும் எனக்கு முழு நம்பிக்கை வராத இடம், மார்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் முன்பக்க டாட்டு. அதை மட்டும் தற்காலிகத் தையலாக விட்டுவைத்தேன். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டேன்.

துணி எடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதி அவருக்கு அனுப்பினேன்: "சேலை டபுள் ஷேடு, பாவு மஞ்சள், ஊடை புதுப்புளிச் சிவப்பு, பார்டர் முத்தின மாவிலைப் பச்சை, கனமாக விறைப்பாக நிற்கும். காலை முகூர்த்தம், கையை நீட்டிக் குனியும் வேலை. ப்ளவுஸ் அரக்கு, ஜரிகை இல்லை, சாதாரணக் கை, கைக்குழி ஏற்றி, பின்கழுத்து 7. இதில் எது தப்பு?" கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே அப்படிக் கேட்டேன். சரியா என்று கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு ஒரு திருத்தம் அனுப்பினார்: பார்டர் ஒரு பக்கம் மட்டும்தான் பெரியது, மேல் ஓரத்தில் விரல் அகலம்தான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு சேலையோடு வந்தார். கடை வாசலில் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம். அரக்கு நன்றாகவே உட்கார்ந்தது. பச்சை நான் நினைத்ததைவிடக் கறுப்பாக இருந்தது. ஜரிகை செம்புதான். போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினார், கீழ் ஓரம் அசையவில்லை. டாட்டை மட்டும் அரை அங்குலம் இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.