மணி 05:46 என்று எழுதியிருந்தேன்

சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்த காலத்தில், ஒரு துறைமுகத்தில் தளத்தில், அதாவது கப்பல்கள் அணையும் கான்கிரீட் மேடையில், கட்டும்போது எங்கள் கப்பலின் மூக்கை அடுத்த முன்தோள் அந்த மேடையில் இடித்தது. யாருக்கும் காயமில்லை, தண்ணீர் உள்ளே வரவில்லை, ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. அன்று காலை நான் எழுதிய சில வரிகள் மட்டும் பல மாதங்கள் என்னைத் துரத்தின. இப்போது இளம் அதிகாரிகளின் அறிக்கைகளைப் படித்துத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். அன்று நான் செய்த பிழைகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

190 மீட்டர் நீளக் கப்பல், வயிறு நிறைய நிலக்கரி. மொத்த எடை ஏறக்குறைய 60,000 டன். வலப்புறம் தளத்தில் அணைய வேண்டும். துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறியிருந்தார், இடப்புறம் முன்னும் பின்னும் ஒவ்வொரு டக், அதாவது இழுவைப் படகு. தலைமை அதிகாரி முன்பக்க மேல்தட்டில், இரண்டாம் அதிகாரி பின்பக்க மேல்தட்டில், நான் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில். இன்ஜினுக்கு ஆணை கொடுக்கும் டெலிகிராஃபைக் கையாள்வதும், ஒவ்வொரு ஆணையையும் நேரத்தோடு சிறு நோட்டில் குறிப்பதும் என் வேலை. அந்த நோட்டைப் ‘பெல் புக்’ என்போம். பிறகு அதைப் பார்த்துத்தான் கப்பலின் பதிவேடு எழுதப்படும்.

எங்கள் புரொபெல்லர் வலச்சுற்று வகை. அப்படிப்பட்ட கப்பலில் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினால் வால் இடப்பக்கம் நகரும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். இடப்புறம் அணையும்போது இது உதவி. வலப்புறம் அணையும்போது மூக்கு நேரே மேடையை நோக்கிப் போகும். முன்னோட்டத்தைக் குறைக்கப் பைலட் பின்னோக்கு ஆணை கொடுத்தார். மூக்கு திரும்பியது. முன் டக்கை இழுக்கச் சொன்னார். அதன் கயிறோ அப்போது தொய்ந்து கிடந்தது. கயிறு விறைத்து இழுவை பிடிப்பதற்குள் முன்தோள், மேடையோரத்தில் இடியைத் தாங்கும் ரப்பர் ஃபெண்டரை நசுக்கி, அதையடுத்த கான்கிரீட் விளிம்பில் உரசியது. பிரிட்ஜில் எங்களுக்குக் காலடியில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

நடுக்கம் சிறிது என்பதால் மோதலும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60,000 டன் கப்பல் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அணைந்தால் 300 கிலோஜூல். 20 சென்டிமீட்டரானால் 1,200. கண்ணுக்கு இரண்டுமே நத்தை வேகம்தான். ஆகவே “லேசாகத் தொட்டது” என்ற சொல் பதிவேட்டில் வரவே கூடாது. பக்கவாட்டு வேகத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் அந்த எண்ணையும் நான் எழுதவில்லை. அன்று நான் சரியாகச் செய்த ஒன்று அது.

பெல் புக்கில் 05:41-க்கு ‘இன்ஜின் நிறுத்தம்’ என்று ஒரு வரி, அடுத்து 05:46-க்கு ‘முன் வலத்தோள் தளத்தில் மோதியது’ என்று ஒரு வரி. இடையில் வெறும் தாள். டெலிகிராஃபில் கை இருந்ததால் எழுத முடியவில்லை. கப்பலைக் கட்டி முடித்ததும், நினைவிலிருந்து அந்த இடைவெளியை நிரப்பப் பேனாவை எடுத்தேன். கேப்டன் தூத்துக்குடிக்காரர். தோளில் கை வைத்தார். “வேண்டாம் தம்பி. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதே. இன்ஜின் அச்சுப்பொறி சொல்லும்.”

பிறகு விடிஆர் பெட்டியின் ‘சேவ்’ பொத்தானை அழுத்தச் சொன்னார். விமானத்தின் கருப்புப் பெட்டி போன்றது அது. பிரிட்ஜின் பேச்சு, ரேடார் படம், இன்ஜின் ஆணை எல்லாம் அதில் பதிவாகும். எங்களுடையது 12 மணி நேரப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும் பழைய வகை. 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தப்பட்டவை 30 நாள்வரை வைத்திருக்கும். அதை நம்பிப் பொத்தானை மறக்கும் அதிகாரிகளை இன்றும் பார்க்கிறேன்.

இன்ஜின் ஆணைகளை நேரத்தோடு தானே அச்சிடும் அச்சுப்பொறியின் தாள் இப்படிச் சொன்னது: 05:42:10 மெதுவாகப் பின்னோக்கு, 05:42:50 அரைவேகப் பின்னோக்கு, 05:43:50 நிறுத்தம். என் நோட்டோடு சேர்த்து வாசியுங்கள். இன்ஜினை நிறுத்தி இரண்டு நிமிடத்துக்கு மேல் கைகட்டி நின்று, 05:46-க்கு மோதியதுபோல் இருக்கிறது. உண்மை அதுவல்ல. அச்சுப்பொறி ஜிபிஎஸ் நேரத்தில் ஓடியது; நான் பார்த்து எழுதிய சுவர்க் கடிகாரம் 2 நிமிடம் முந்தி ஓடியது. மோதல் 05:44-க்கு, கடைசி நிறுத்த ஆணைக்குச் சில விநாடிகள் கழித்து. தலைமை அதிகாரி வாக்கிடாக்கியில் கத்திய குரல் விடிஆரில் 05:44:05-இல் கேட்டது. தளத்தில் கட்டுவதற்கு முன் கடிகாரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பட்டியலில் உள்ள வேலை. நான் ‘சரி’ என்று குறியிட்டிருந்தேன், கடிகாரத்தைப் பார்க்காமலே.

நோட்டில் 05:46-ஐ 05:44 ஆக்கும் ஆசை வந்தது. அது அழிவுப் பாதை. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடியில் இருப்பது வாசிக்கும்படி விட்டு, சுருக்கொப்பம் இடலாம். ஆனால் அது எழுத்துப் பிழைக்கு. இங்கே நான் கடிகாரத்தில் கண்டதைத்தான் எழுதியிருந்தேன். எனவே அதை அப்படியே விட்டு, கீழே புதிய வரி சேர்த்தோம்: ‘பிரிட்ஜ் கடிகாரம் ஜிபிஎஸ்ஸைவிட 2 நிமிடம் முந்தியிருப்பது 06:20-க்கு ஒப்பிட்டபோது தெரிந்தது.’

பதிவேட்டில் ஏறியது சில வரிகளே. நேரம், இடம், காற்று, டக்குகள் இருந்த இடம், ஆணைகள், மோதிய பகுதி, பின் செய்த சோதனை. முன் வலப்பக்க மேல் தொட்டியின் வெளித்தகட்டில் 1.2 மீட்டர் நீளப் பள்ளம், ஆழம் 40 மில்லிமீட்டர், நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே. தொட்டிகளை அளந்து பார்த்ததில் நீர்க்கசிவு இல்லை. காரணம் ஒரு சொல்கூட இல்லை. அது கேப்டன் கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கைக்கு உரியது. அதற்காக நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் “பைலட் தாமதமாகப் பின்னோக்கு ஆணை தந்தார்” என்று ஒரு வாக்கியம். “இது நீ பார்த்ததா, நினைத்ததா?” என்று கேட்டார் கேப்டன். தாமதம் என்பது நினைத்தது. 05:42:10 என்பது பார்க்கக்கூடியது. வாக்கியத்தை அடித்தேன். பைலட் இருந்தாலும் கேப்டனின் பொறுப்பு போய்விடாது என்பதால் அந்த வாக்கியம் எங்களைக் காப்பாற்றியும் இருக்காது.

மோதல் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கப்பலோடு கப்பல் மோதுவது வேறு, அசையாத மேடையில் இடிப்பது வேறு. வழக்கமான காப்பீட்டு ஏற்பாட்டில் மேடைக்கான இழப்பீடு கப்பல் உடலைக் காப்பவர்களிடம் போகாமல் கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுக் கிளப்பிடம் போகும். எதை இடித்தோம் என்று முதல் வரியிலேயே தெளிவாக இருந்தால்தான் தகவல் உரியவரிடம் போகும்.

எட்டு மணிக்குத் துறைமுகத்திடமிருந்து ஒரு தாள் வந்தது: மூன்று ஃபெண்டர்களும் ஆறு மீட்டர் கான்கிரீட் விளிம்பும் எங்களால் சேதம், கையெழுத்திடவும். கேப்டன் “பெற்றுக்கொண்டதற்கு மட்டும், பொறுப்பை ஏற்கவில்லை” என்று எழுதி ஒப்பமிட்டார்; கூட்டு ஆய்வு கேட்டார். அதற்குள் தலைமை அதிகாரி கேமராவோடு மேடையில் இறங்கியிருந்தார். புதிதாக உடைந்த கான்கிரீட் வெளிர்ச் சாம்பலாக, விளிம்பு கூராக இருக்கும். அங்கே ஒன்றரை மீட்டர் அப்படி இருந்தது. எங்கள் கப்பலின் சிவப்புப் பெயின்ட் அதில் ஒட்டியிருந்தது. மீதி கறுத்து, வெளியே தெரிந்த கம்பிகள் துருவேறி, அந்தத் துரு கீழே வழிந்து கறையாகியிருந்தது. ஒரே காலையில் அப்படித் துரு வழியாது. ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல், கப்பலைக் கட்டும் கம்பத்தின் எண், நேரம்.

இழுபறி முடிய ஏழு மாதம் ஆயிற்று. ஒரு ஃபெண்டரும் ஒன்றரை மீட்டர் விளிம்பும்தான் எங்கள் கணக்கில் நின்றன. ஆய்வாளரின் கேள்விகளில் பாதி அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் நானே பதில் எழுதினேன்.