ரேஞ்ச்: நெடுக்கமா, வீச்சா?

பந்தைச் சாய்வாக எறிந்தால் அது எவ்வளவு தூரம் தள்ளிப் போகும் என்பதை ஆங்கில வழியில் படித்தவர்கள் 'ரேஞ்ச்' என்பார்கள். தமிழ்நாட்டு 11ஆம் வகுப்பு இயற்பியல் பாடநூல் இதைக் 'கிடைத்தள நெடுக்கம்' என்கிறது. பந்து தொடும் உச்சி 'பெரும உயரம்', எறியப்படும் பொருள் 'எறிபொருள்'. கடைசி இரண்டிலும் குழப்பமே இல்லை. நெடுக்கம்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல்.

ரேஞ்ச் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு 'வரிசை' என்று பொருள். எறிதல் என்ற கருத்தே அதன் வேரில் கிடையாது. 1638இல் வெளியான நூலில், எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ காட்டினார். கிடைத்தூரத்துக்கு அவர் வைத்த லத்தீன் பெயர் 'ஆம்ப்ளிட்யூடோ', அதாவது அகலம். உச்சியிலிருந்து இறங்கும் பாதிப் பரவளையத்தின் அகலத்தைத்தான் அவர் அப்படி அழைத்தார். இன்று அதே சொல் அலைவின் ஆம்ப்ளிட்யூடைக் குறிக்கிறது. நம் பாடநூலில் அதற்குப் பெயர் 'வீச்சு'!

பேசு பேச்சானது போல வீசு வீச்சானது. கல்வீச்சு, வலைவீச்சு, வீச்சரிவாள் என்று எறியும் கையின் அசைவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் இயற்பியலில் அலைவு அதை எடுத்துக்கொண்டது. புள்ளியியலில் பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசமும் வீச்சுதான். அதனால் எறிபொருளுக்கு வேறு சொல் தேவைப்பட்டது.

நெடுக்கம் 'நெடு' என்ற அடியிலிருந்து வருவது. அந்த அடி நீளத்தையும் குறிக்கும், உயரத்தையும் குறிக்கும். நெடுஞ்சாலை தரையோடு நீள்கிறது. நெடிய ஆள் மேல்நோக்கி வளர்ந்தவர். வெறும் 'நெடுக்கம்' என்று கேட்கும் மாணவர் உயரத்தை எழுதிவிட இடம் உண்டு. 'கிடைத்தள' என்ற முன்னொட்டு அதற்காகவே இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. என்னைக் கேட்டால் 'கிடைவீச்சு' இன்னும் பொருத்தம். எறிதலும் தெரிகிறது, திசையும் தெரிகிறது, அலைவின் வீச்சோடும் மோதாது. தேர்வில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

சரி, நெடுக்கம், பெரும உயரம் இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 20 மீட்டர் வேகம், 30° கோணம், ஈர்ப்பு முடுக்கம் g = 9.8. வேகத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேல்நோக்கிய பங்கு 20 × sin 30° = 10, கிடைப் பங்கு 20 × cos 30° = 17.32. ஈர்ப்பு மேல்நோக்கிய பங்கை மட்டுமே தின்கிறது. 10 ÷ 9.8 = 1.02 நொடியில் அது தீர்ந்து பந்து உச்சியில் இருக்கும். பெரும உயரம் 10² ÷ (2 × 9.8) = 5.1 மீட்டர். இறங்கவும் அதே நேரம்தான், ஆக மொத்தம் 2.04 நொடி. அவ்வளவு நேரமும் கிடைப் பங்கு மாறாமல் ஓடுவதால் நெடுக்கம் சுமார் 35.3 மீட்டர். வேகம் u, கோணம் θ, பெரும உயரம் H, நெடுக்கம் R என்று வைத்து இவற்றையே சுருக்கினால்:

```
H = u² sin²θ / 2g
R = u² sin 2θ / g
```

sin 2θ என்பதை 2 sin θ என்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் இதே கணக்கில் 40.8 மீட்டர் வரும். அது 45°-இல் மட்டுமே கிடைக்கக்கூடிய உச்ச நெடுக்கம். 30°-க்கு அந்த விடை வந்தால் உடனே சந்தேகப்படலாம்.

60°-இல் எறிந்தாலும் நெடுக்கம் அதே 35.3 மீட்டர்தான், ஏனென்றால் sin 120° = sin 60°. உயரம் மட்டும் மூன்று மடங்காகி 15.3 மீட்டர் ஆகிறது. 45°-க்கு மேலும் கீழும் சம அளவு விலகிய கோணங்கள் ஒரே தூரம் தரும் என்று கலிலியோவே நிறுவியிருக்கிறார்.

இங்கே சொல்லின் வரையறை முக்கியமாகிறது. நெடுக்கம் என்பது பந்து கிளம்பிய மட்டத்துக்கே திரும்பும் வரையிலான தூரம். 'விழுந்த தூரம்' என்று அதை மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். கை தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் பந்தை விட்டால், 30°-இல் அது தரையைத் தொடும் இடம் 38.5 மீட்டர். 60°-இல் 36.5 மீட்டர். 30°-க்கும் 60°-க்கும் இருந்த சமத்துவம் அங்கே உடைந்துபோகிறது. அப்போது மேலே உள்ள R சூத்திரத்தை எடுக்கக் கூடாது. 2 + 10t − 4.9t² = 0 என்று எழுதி, 30°-க்கு t = 2.22 நொடி என்று கண்டு, அதைக் கிடைப் பங்கால் பெருக்க வேண்டும்.