பேக் பாதி மறைந்திருந்தாலும் ஒரு கிராம் விலையைக் கண்டுபிடிக்கலாம்: அலகு விலை விதி

பற்பசை, சோப்பு, ஷாம்பு எதுவானாலும் பேக்கைப் பார்க்கும்போது மூன்று எண்கள்தான் முக்கியம்: மொத்த விலை, நிகர அளவு, அலகு விலை. அலகு விலை என்றால் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ எவ்வளவு என்பது. பல நாடுகளில் இது கடைக்காரர் மனம் வைத்துச் சொல்லும் தகவல் இல்லை, சட்டப்படி காட்டியே ஆக வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-ல் வந்த 98/6 எண் கொண்ட நெறிமுறைப்படி, விற்பனை விலையோடு அலகு விலையையும் காட்ட வேண்டும். அங்கே பொதுவாக கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்று இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2009-லிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இதற்கென்றே தனி விதித்தொகுப்பு உண்டு. இந்தியாவில் 2011-ன் பொதிந்த பொருட்கள் விதிகளில் 2021 நவம்பரில் ஒரு திருத்தம் அறிவிக்கப்பட்டது. அதன்படி பேக்கிலேயே அலகு விலையை அச்சிட வேண்டும்: ஒரு கிலோவுக்குக் குறைவான பொருளுக்கு கிராம் கணக்கில், அதற்கு மேல் போனால் கிலோ கணக்கில். பேக்கில் விலைக்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. என்ற சுருக்கத்தோடு பொடி எழுத்தில் இருப்பது இதுதான்.

சரி, பேக் முழுசாகத் தெரிந்தால் படித்துவிட்டுப் போகலாம். பிரச்சினை எங்கே என்றால் அலமாரியில் பேக்குகள் நெருக்கி அடுக்கியிருக்கும், ஆஃபர் ஸ்டிக்கர் எடையின் மேலேயே ஒட்டியிருக்கும், விளம்பரப் படத்தில் ஒரு பேக்கை இன்னொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். தெரிவது நிறமும் நிறுவனத்தின் பெயரும் மட்டும்தான். அந்த இரண்டை வைத்து இன்ன பொருள் என்று முடிவு செய்யவே கூடாது. ஒரே நிறுவனம் ஒரே நிறத்தில் நாலைந்து வகை பற்பசை விற்கும், அதில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு அளவில் வரும், பெட்டியின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நிறமும் பெயரும் குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஆளைச் சொல்வது வகைப் பெயரும் நிகர அளவும். சட்டமுறை எடையளவுக்கான சர்வதேச அமைப்பின் 79-ஆம் எண் பரிந்துரை, பொருளின் பெயரும் நிகர அளவும் பேக்கின் முதன்மைப் பக்கத்தில், அதாவது வாங்குபவர் கண்ணில் முதலில் படும் பக்கத்தில், இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி இன்னும் ஒரு படி மேலே போய், அழகுசாதனப் பொருட்களில் அந்தப் பக்கத்தின் அடிப்பகுதி 30 சதவீதத்துக்குள் நிகர அளவு வர வேண்டும் என்று இடத்தையே குறித்துவிட்டது. ஆகவே பேக் பாதிதான் தெரிகிறது என்றால் மேலே இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தின் கீழ் ஓரத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் எண் அங்கேதான் இருக்கும். அங்கேயும் மறைந்திருந்தால் பார்கோடு இருக்கிறது. ஒரே பற்பசையின் இரண்டு அளவுகளுக்கு ஒரே பார்கோடு எண் வராது, நிகர அளவு மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்பது பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. முதல் இலக்கங்கள் நிறுவனத்துக்குப் பொதுவாக இருக்கும், அதனால் கடைசி ஐந்தாறு இலக்கங்களைத்தான் ஒப்பிட வேண்டும். அலமாரி லேபிளில் எண் அச்சிட்டிருந்தால் பேக்கில் தெரியும் கடைசி இலக்கங்களோடு அது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து அளவுக்கான லேபிளை நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு. மூன்று எண்களில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். ஒரு பற்பசைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, கடைசியில் வரும் 50 கிராம் மட்டும் தெரிகிறது. அது வெறும் 50-ஆ, 150-ஆ, 250-ஆ? விலை 126, அலகு விலை கிராமுக்கு 0.84 என்று இருக்கிறது (எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்). 126-ஐ 0.84-ஆல் வகுத்தால் 150. முடிந்தது. இதையே திருப்பிப் போட்டு ஆஃபரையும் சோதிக்கலாம். 20 சதவீதம் கூடுதல் என்று பெரிதாக எழுதிய பேக்கில் 120 கிராம் என்று தெரிகிறது. அந்த 120 கூடுதலையும் சேர்த்த எடையா, அல்லது 120-க்கு மேல் 24 கிராம் வந்து மொத்தம் 144-ஆ? விலை 108, அலகு விலை 0.90 என்றால் 108-ஐ 0.90-ஆல் வகுத்து 120 வரும், அப்படியென்றால் கூடுதலும் அதற்குள்ளேயே அடக்கம். 0.75 என்று இருந்தால் 144 வரும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. அலகு விலையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிவிடுவார்கள். விலையும் சின்னது, அலகு விலையும் சின்னது என்றால் அந்த முழுமையாக்கலே கணக்கைக் குழப்பும். விலை 10, அலகு விலை 0.22 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அலகு விலை 0.215-லிருந்து 0.225 வரை எதுவாகவும் இருக்கலாம், ஆகவே எடை 44.4 கிராமிலிருந்து 46.5 கிராம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 45-ஆ 46-ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் உதாரணத்தில் அந்த இடைவெளி 149-லிருந்து 151 வரைதான், அதனால் 150 என்று தைரியமாகச் சொல்லலாம். இன்னொன்று, ரொம்பச் சின்ன பாக்கெட்டுகளுக்கு விதியே பொருந்தாமல் போகலாம். இந்திய விதிகளில் 10 கிராம் அல்லது 10 மில்லிக்கு உட்பட்ட பேக்குகளுக்கு விலக்கு இருக்கிறது, ஷாம்பு சாஷேக்கள் பலவும் அதற்குள் வந்துவிடும். அங்கே மில்லி அளவைத் தேடிப் பிடித்து நாமே வகுக்க வேண்டியதுதான்.

அப்புறம், பலரும் தடுமாறுவது கிராமும் மில்லியும் கலக்கும் இடத்தில். சில நாடுகளில் பற்பசை கிராமில் வரும், ஐரோப்பாவில் வழக்கமாக மில்லியில் வரும், இறக்குமதிப் பொருள் விற்கும் கடையில் இரண்டும் அருகருகே நிற்கும். பற்பசையில் தேய்ப்பதற்கான தாதுப்பொடி நிறைய இருப்பதால் அது தண்ணீரைவிடக் கனமானது, ஒரு மில்லி ஏறத்தாழ 1.3 கிராம், வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஒரு பேக் 75 மில்லி, விலை 90, அலகு விலை மில்லிக்கு 1.20. இன்னொன்று 100 கிராம், விலை 96, கிராமுக்கு 0.96. இரண்டு அலகு விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் இரண்டாவது மிக மலிவு என்று தோன்றும். ஆனால் 75 மில்லி என்பது சுமார் 97.5 கிராம். 90-ஐ அதனால் வகுத்தால் கிராமுக்கு 0.92 வருகிறது, முதல் பேக்தான் கொஞ்சம் மலிவு. லேபிள் இரண்டுமே சரியானவைதான், அலகுதான் வேறு. ஷாம்புவில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, அதன் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் மில்லியையும் கிராமையும் ஏறக்குறைய ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சோப்பின் கதை வேறு. சோப்பில் நீர் இருக்கிறது, அது நாள்பட உலரும், எடை குறையும். அதனால்தான் பேக் செய்தபோது இருந்த எடை என்ற பொருளில் ஒரு சொற்றொடரைச் சோப்பு உறைகளில் பார்க்கலாம், இந்திய விதிகள் சோப்புக்கு அதை அனுமதிக்கின்றன. வீட்டுத் தராசில் 100 கிராம் சோப்பு 97 காட்டினால் உடனே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. முன்பு சொன்ன சர்வதேச எடையளவு அமைப்பின் 87-ஆம் எண் பரிந்துரைப்படியும், 100 கிராம் பேக் ஒன்றில் 4.5 கிராம் வரை குறைவது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவுக்குள்தான், ஆனால் அந்தத் தொகுதியின் சராசரி 100-க்குக் கீழே போகக் கூடாது.

அதைவிட முக்கியமாக, சோப்பில் ஒரு கிராம் விலை மட்டும் போதாது. உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருந்தால் அதையும் படியுங்கள், அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தில் குளியல் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், மூன்றாம் தரத்துக்கு 60. கிராமுக்கு 0.40 விலையுள்ள 60 சதவீத சோப்பும், 0.48 விலையுள்ள 76 சதவீத சோப்பும் எதிரே இருந்தால் விலையை அந்தச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள்: முன்னது 0.67, பின்னது 0.63. கழுவும் வேலையைச் செய்யும் பகுதிக்கு மட்டும் காசு கொடுப்பதாக நினைத்தால் விலை கூடியதாகத் தெரிந்ததுதான் மலிவு. வாசனையும் சரும வறட்சியும் இந்தக் கணக்கில் அடங்காது, அவற்றைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும். நாலைந்து கட்டிகள் சேர்ந்த பேக்கில் ஒரு கட்டியின் எடையையும் கட்டிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான்கு 75 கிராமும் மூன்று 100 கிராமும் ஒரே 300 கிராம்தான், கட்டிகள் அதிகமாகத் தெரிவதால் மட்டும் பொருள் கூடிவிடாது.

இணையத்தில் வாங்கும்போது படம் எப்போதும் பேக்கின் அழகான பக்கத்தைத்தான் காட்டும், பின்பக்கப் படம் இருந்தாலும் பெரிதாக்கினால் மங்கிவிடும். இதற்கும் விதி இருக்கிறது. இந்தியாவில் 2018 ஜனவரி முதல், தயாரித்த மாதம், ஆண்டு தவிர, பேக்கில் கட்டாயமாக இருக்க வேண்டிய மற்ற விவரங்களை விற்பனைத் தளத்திலும் காட்ட வேண்டும். ஆகவே படத்தில் எடை மறைந்திருந்தால் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் கீழே விவர வரிகளுக்குப் போங்கள். அங்கே நிகர அளவு இல்லையென்றால் குறை அந்தத் தளத்தில்தான்.

விவரம் இல்லாமலோ தப்பாகவோ இருந்தால் புகார் போக வேண்டிய இடம் எடையளவுத் துறை அல்லது நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு, பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பேக்கின் எல்லாப் பக்கங்களையும், அலமாரி லேபிளையும் பேக்கையும் சேர்த்து ஒரே படத்திலும், பில்லையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்த படத்தில் அந்த லேபிள் அந்தப் பேக்குக்குத்தான் என்று நிரூபிப்பது கஷ்டம். பார்கோடு எண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.