வங்குரோத்து அல்ல, கடன் தவறுகை

கொழும்புத் தமிழ்ச் செய்திகளில் 2022 முதல் ஓயாமல் கேட்கும் தொடர் "வங்குரோத்து அடைந்த நாடு". சிங்களத்தில் "பங்கொலொத்" என்று வந்ததை, மொழிபெயர்க்க இருந்தவர் யோசிக்காமல் இங்கே வழங்கிய பழைய சொல்லாலேயே எழுதிவிட்டார். அந்த ஆண்டு ஜூலையில் பிரதமர் பாராளுமன்றத்திலேயே நாட்டை அவ்வாறு வர்ணித்த பிறகு, இந்தச் சொல்லைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

சொல்லின் பிறப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இத்தாலியில் "உடைந்த பலகை" என்று பொருள்படும் தொடர் ஐரோப்பிய மொழிகளில் பரவி, ஒல்லாந்தில் "பங்குரூட்" ஆகி, இங்கே வங்குரோத்து ஆனது. தமிழகத்தார் சொல்லும் "திவால்" வடக்கிலிருந்து வந்தது. இரண்டுமே இரவல் என்பதால் நான் அவற்றை மறுக்கவில்லை. கடையோ கம்பனியோ நொடித்தால் வங்குரோத்து என்றே சொல்லுங்கள், பொருந்தும். அரசுக்குத்தான் பொருந்தாது.

வங்குரோத்து என்றால் ஒரு நீதிமன்றம் வேண்டும். அது சொத்தைக் கணக்கெடுத்து, விற்று, கடன்காரருக்குப் பங்கிட்டு, கதையை முடித்துவைக்கும். அரசு விடயத்தில் அப்படியொரு நீதிமன்றம் உலகில் எங்கும் இல்லை. அரசைக் கலைத்து விற்க முடியாது. அது தொடர்ந்து வரி அறவிடும், சம்பளம் கொடுக்கும், ரூபாய் அச்சிடும். அதனால் அச்சிட முடியாதது டொலர் மட்டுமே.

நடந்ததைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று நிதி அமைச்சு, வெளிநாட்டுக் கடன்களில் குறித்த சில வகைகளுக்கான கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அறிவித்தது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பல்தரப்பு நிறுவனங்களின் கடன் அதில் சேரவில்லை, அது தொடர்ந்து கட்டப்பட்டது. அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களான உள்நாட்டுத் திறைசேரி உண்டியல்களும் முதிர்வடைந்தபோது செலுத்தப்பட்டன. ஏப்ரல் 18 அன்று இரண்டு பன்னாட்டு முறிகளுக்கான, அதாவது கடன் பத்திரங்களுக்கான வட்டி, ஏறக்குறைய 78 மில்லியன் டொலர், கட்டப்படவில்லை. ஒப்பந்தப்படி 30 நாள் சலுகைக் காலம் இருந்தது. மே 18 அன்று அதுவும் கழிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை முதன்முறையாகத் தவறியது அப்போதுதான். ஆக, இது குறித்த கடனில், குறித்த நாளில், கொடுத்த வாக்குத் தவறிய செயல். "வங்குரோத்து" என்ற ஒற்றைச் சொல் எந்தக் கடன், எந்த நாள் என்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அக்கா அந்த மாதம் என்னிடம் கேட்டார்: "தம்பி, நாடு வங்குரோத்தாம், என்ர நிலையான வைப்பெல்லாம் போச்சோ?" அவரைக் கலங்கடித்தது அந்தச் சொல். அவருடைய ரூபாய் வைப்புக்கும் அந்த முறிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அடி விழுந்தது வேறிடத்தில். 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதியிடமிருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. அவற்றின் வட்டி பின்னாளில் 9 சதவீதமாகக் குறையும் என்று வைக்கப்பட்டது. தொழிலாளர் பார்த்திருக்க வேண்டியது அதை. நாடே போயிற்று என்ற கூக்குரலில் அது பலர் காதில் விழவேயில்லை.

கடன் கொடுத்தவர் என்ன செய்யலாம்? வழக்குப் போடலாம். 2022 ஜூலையில் முதிர்வடைய இருந்த முறிகளில் 250 மில்லியன் டொலருக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் ரிசர்வ் வங்கி, நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. அந்தத் தொடரின் மொத்தம் 1 பில்லியன் டொலர். விதிமுறைகளை மாற்ற 75 சதவீதத்தினரின் சம்மதம் வேண்டும். எனவே கால்வாசிக்கு மேல் ஒரே கையில் இருந்தால், அந்தத் தொடரின் சீரமைப்பை அந்த ஒருவரே தடுக்கலாம். ஆனால் வழக்கில் வென்றாலும் ஒரு நாட்டின் தூதரகத்தையோ போர்க்கப்பலையோ எளிதில் பறிக்க முடியாது. ஆதலால் பெரும்பாலானோர் கடைசியில் பேசித்தான் தீர்க்கிறார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். "டிபோல்ட்" என்ற ஆங்கிலச் சொல்லை "இயல்புநிலை" என்று ஒருவர் எழுதியிருந்ததைக் கண்டு மனம் வெறுத்துப் போனேன். கணினியில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் தமிழைக் கடனுக்கு ஒட்டியிருந்தார், எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் இல்லை. "சொவரின் டிபோல்ட்" என்பதை "இறையாண்மை முறிவு" ஆக்குவது அதைவிட ஆபத்தானது. இங்கே முறி என்றாலே கடன் பத்திரம். அதோடு முறிந்தது இறையாண்மையும் அல்ல. கடன் வாங்கியது யார் என்பதைச் சொல்ல "அரச" என்ற அடை போதும். நாம் காலங்காலமாக "தவணை தவறினான்" என்றே சொல்லிவருகிறோம். அதிலிருந்து "அரச கடன் தவறுகை" தானாகவே வருகிறது. கடனை இறுத்தல் என்ற பழைய வினையை விரும்புவோர் "இறுப்புத் தவறுகை" என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

தவறுகைக்குத் தொடக்கம் இருப்பதுபோல் முடிவும் உண்டு. 2024 டிசம்பரில் பெரும்பாலான முறிதாரர் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை ஏற்றனர். அதே மாதம் கடன் தரமிடும் பிட்ச் நிறுவனம் இலங்கையைத் தவறுகைத் தரத்திலிருந்து மேலே உயர்த்தியது. வங்குரோத்து என்று எழுதிய பத்திரிகைகள் அந்தச் செய்திக்கு "வங்குரோத்திலிருந்து மீண்டது" என்று தலைப்பிட்டன. வாசித்தவர் கடனே தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தீரவில்லை, தவணைகள்தான் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன.