ஃபலாஃபெல் உருண்டை எண்ணெயில் உடையாமல் இருக்க

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கமெல்லாம் ஃபலாஃபெல் என்றால் கொண்டைக்கடலையை அரைத்து உருட்டிப் பொரிப்பதுதான் (எகிப்தில் இதையே காய்ந்த ஃபாவா பீன்ஸில் செய்து தாமியா என்பார்கள்). பாரம்பரியமாகச் செய்பவர்கள் இதில் முட்டையோ மைதாவோ சேர்ப்பதில்லை. அப்படியிருந்தும் உருண்டை கொதிக்கிற எண்ணெயில் முழுசாக நிற்கிறது. வீட்டில் செய்யும்போது மட்டும் ஏன் போட்ட உடனே பொலபொலவென உதிர்ந்து எண்ணெய் முழுக்கத் தூளாகிறது?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், கடலையை வேகவைத்துவிடுவது. டின்னில் வரும் கடலையும் வெந்ததுதான். கடலைக்குள் இருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட 65, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரை இழுத்து வீங்கிப் பசையாகும். நமக்கு வேண்டிய பசை அதுதான், ஆனால் அது எண்ணெய்க்குள் போன பிறகு உருவாக வேண்டும். முன்னாடியே வெந்த கடலையில் அந்த வேலை முடிந்துவிட்டது, போதாததற்கு நிறையத் தண்ணீரையும் குடித்து வைத்திருக்கும், அதனால் எண்ணெயில் போட்டால் உள்ளிருந்து கிளம்பும் நீராவி அந்த மசியலைப் பிளந்துவிடும். மசால் வடைக்குக் கடலைப்பருப்பை ஊறவைத்துப் பச்சையாகத்தானே அரைக்கிறோம், இங்கும் அதே கணக்கு.

சரி, 250 கிராம் காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். நிறையத் தண்ணீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் வெளிறிய, கடினமான பகுதி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. ஊறியதை வடித்து, ஒரு துணியில் பரப்பி மேல் ஈரம் போகும் வரை விட்டுவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் தோலில் ஒட்டிய தண்ணீரே கலவையைக் கெடுக்கப் போதும். வெங்காயத்தையும் பிழிந்து சேர்ப்பது நல்லது, கொத்தமல்லி, பார்ஸ்லி இலைகளைக் கழுவினால் நன்றாக உலர்த்திய பிறகே போட வேண்டும்.

அரைக்கும் பதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். பார்க்க ரவை மாதிரி குருணையாக இருக்க வேண்டும், ஆனால் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் ஒன்றாக நிற்க வேண்டும். குருணை பெரிதாக இருந்தால் துண்டுகளுக்கு நடுவே ஒட்டவைக்க நுண்ணிய தூள் இருக்காது, உதிரும். மைய அரைத்துவிட்டால் உடையாதுதான், ஆனால் ஆவி வெளியேற இடைவெளி இல்லாமல் உள்ளே களி மாதிரி கனத்துப் போகும். எனக்கு ஓரிரு பெரிய துண்டு பல்லில் படுவது பிடிக்கும், அதற்காகக் கலவையில் கால் பங்கை மட்டும் தனியாக எடுத்து நைசாக அரைத்து மீதியோடு சேர்த்துவிடலாம், நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். ஒரு மணி நேரம் மூடி வைத்தால், குருணைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் ஈரத்தை உலர்ந்த தூள் உறிஞ்சிக்கொள்ளும், கலவை இறுகும், உருட்டும்போது கையில் ஒட்டாது. குளிர்ச்சி புதிதாக எந்தப் பசையையும் உண்டாக்குவதில்லை, அதனால் வெந்த கடலையில் செய்த கலவையை ராத்திரி முழுக்க வைத்தாலும் பெரிதாக மாறாது. சமையல் சோடா போடுவதாக இருந்தால் கால் டீஸ்பூன் போதும், அதையும் பொரிக்கப் போகும்போது கலந்தால்தான் அதன் வாயு வீணாகாமல் இருக்கும்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொஞ்சம் கலவையைக் கிள்ளிப் போடுங்கள், அது சுற்றிலும் சீராக நுரைத்தபடி சில நொடிகளில் மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை, போட்டவுடன் கருகினால் அதிகம். உருண்டையின் மேல்பரப்பு ஈரம் பறந்து மொறுமொறுப்பான ஓடு உருவாவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை உருண்டை கை இறுக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. எண்ணெய் சூடு குறைந்தால் அந்த நேரம் நீண்டு, ஓரம் கரையத் தொடங்கும். சூடு கூடினால் ஓடு சீக்கிரமே கறுத்துவிடும், நடுப்பகுதி இன்னும் 70 டிகிரியைத் தொடாததால் பச்சை வாசனை அடிக்கும், பிட்டால் உள்ளே தூளாக உதிரும். எலுமிச்சை அளவு உருண்டைக்கு நாலைந்து நிமிடம் சரியாக இருக்கும், முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடவே கூடாது.

குளிர்ந்த உருண்டைகள் எண்ணெய்ச் சூட்டைச் சட்டென இறக்கும் என்பதால் ஒரு ஈடுக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது உடைந்தால், கொஞ்சம் கலவையை நைசாக அரைத்துச் சேர்த்து மறுபடி ஒன்று போட்டுப் பாருங்கள், அப்படியும் உடைந்தால் மட்டும் ஒரு ஸ்பூன் கடலை மாவு. மாவு கூடக்கூட உருண்டை உடையாமல் நிற்கும், ஆனால் உள்ளே அந்தப் பஞ்சுத்தன்மை போய் இறுகிவிடும்.